ஒன்பது ஊற்றுகளும் ஒரு பக்கக் கடிதமும்: நிலவியல் பட்டதாரியின் வேலை விண்ணப்பம்

"வணக்கம் சார். கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர். போன வருஷம் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் நீர் ஆலோசனை நிறுவனம் ஒன்று நீலகிரியில் ஊற்று ஆய்வு செய்ய ஆள் எடுக்கிறது. விண்ணப்பக் கடிதம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் வேண்டும் என்கிறார்கள். வேலை அனுபவம் கிடையாது. ப்ராஜெக்ட்டுக்காக எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்பது ஊற்றுகளை மேப் செய்தேன், அவ்வளவுதான். களவேலையும் வரைபடத் திறமையும் தெரியும்படி எப்படி எழுதுவது?"

வணக்கம். கடிதத்தின் நடுப்பகுதி முழுவதையும் அந்த ஒன்பது ஊற்றுகளுக்கே கொடுத்துவிடுங்கள். நான் குன்னூர்ப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தடி நீர் வேலை பார்க்கிறேன். அதில் பாதிக் காலத்துக்கும் மேலாக உங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து, ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்திருக்கிறது. அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்து பார்க்கும்போது எது தெரியும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

சிறிய நீர் ஆலோசனை நிறுவனங்களில் விண்ணப்பத்தைப் படிப்பவர் பெரும்பாலும் அங்குள்ள மூத்த நிலவியலாளராகவே இருப்பார். அவருக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். அடுத்த மாதம் இந்த ஆளைத் தேயிலைச் சரிவில் இறக்கிவிட்டால், மாலையில் கொண்டுவரும் புள்ளிகளையும் அளவுகளையும் நம்பி அவர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு ஊற்றுக்கும் தானே நடந்து போய்ச் சரிபார்க்க அவரால் முடியாது. ஆகவே "களவேலையில் ஆர்வம் உண்டு, QGIS தெரியும், ஜிபிஎஸ், பிரண்டன் காம்பஸ் இயக்கத் தெரியும்" என்ற வரிசையை அவர் படிக்காமல் தாண்டிவிடுவார். எல்லா விண்ணப்பங்களிலும் அது இருக்கிறது. இந்தப் பிள்ளை ஓர் அளவை எப்படி எடுத்தது, அது எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்று இதற்குத் தெரியுமா என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

இதற்கு முதலில், ஒன்பது ஊற்றுகளை வரைந்ததால் என்ன தெரிந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல உங்களுக்கு வர வேண்டும். நம் மலையின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், கடிதம் எதைச் சுற்றி நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அடியில் கெட்டியான சார்னோகைட் பாறை. அதன் மேல், பல இடங்களில் பத்து இருபது மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு, அதே பாறை சிதைந்து மண்ணாகிக் கிடக்கும் படலம். மழைநீர் இந்தப் படலத்துக்குள் இறங்கி, கெட்டிப் பாறையைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு அந்த மட்டத்தை வெட்டும் இடத்தில் வெளியே கசிகிறது. நம் ஊற்றுகளில் ஒரு வகை இது. மற்றொரு வகையில், கெட்டிப் பாறைக்குள் ஓடும் விரிசல் வழியாக எங்கிருந்தோ நடந்து வந்த நீர், அந்த விரிசல் தரையைச் சந்திக்கும் இடத்தில் வெளிப்படுகிறது. பொதுவாக முதல் வகை மழைக்குப் பின் பொங்கி, கோடையில் வேகமாக இளைக்கும்; இரண்டாவது வகை மெதுவாகக் குறையும். பாதுகாக்க வேண்டிய பரப்பும் வேறுபடும். முதல் வகைக்கு நேர் மேலேயுள்ள சரிவைப் பார்த்தால் போதும்; இரண்டாவதற்கு விரிசல் போகும் திசையில், சில சமயம் அடுத்த மேட்டைத் தாண்டியும் தேட வேண்டியிருக்கும். ஊராட்சிக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் காசு வாங்குவது இந்த வேறுபாட்டைச் சொல்வதற்குத்தான். ஆகவே "ஒன்பது ஊற்றுகளை வரைபடமாக்கினேன்" என்று நிறுத்தாமல், ஒன்பதில் எத்தனை எந்த வகை, அதை எதைக் கொண்டு பிரித்தீர்கள் என்று எழுதினால், நீங்கள் அந்த வேலையை ஒரு முறை செய்து முடித்தவர் ஆகிவிடுகிறீர்கள்.

அடுத்து நீர்வரத்து. உங்கள் களக்குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எண்களெல்லாம் மாதிரிக்காக நான் போட்டவை; உங்களுடையவற்றை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பத்து லிட்டர் வாளியும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து நவம்பர் கடைசியில் ஓர் ஊற்றை மூன்று முறை அளந்தீர்கள், 41, 43, 42 விநாடிகள் வந்தன என்று கொள்வோம். சராசரி 42 விநாடி, நிமிடத்துக்கு 14.3 லிட்டர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,570 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கான ஆளுக்கு 55 லிட்டரால் வகுத்தால் 374 பேருக்குப் போதும் என்று வருகிறது. அதே ஊற்றில் மார்ச் கடைசியில் வாளி நிரம்ப 140 விநாடி ஆனால், நிமிடத்துக்கு 4.3 லிட்டர், நாளுக்கு 6,170 லிட்டர், 112 பேர். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பதால், நவம்பர் அளவு என்பது ஊற்று நிறைந்திருக்கும்போது எடுத்தது. மாதத்தைச் சொல்லாமல் 14.3 என்று மட்டும் எழுதினால், மலையில் வேலை பார்த்த எவரும் அந்த எண்ணை நம்ப மாட்டார். இரண்டு மாதங்களையும் சேர்த்து எழுதினால், எந்த அளவின் மேல் குடிநீர்த் திட்டம் போட வேண்டும் என்று தெரிந்தவர் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ஒரே பருவத்தில்தான் அளந்தீர்கள் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். மற்றப் பருவத்துக்கு ஊர்ப் பெண்களிடம் கேட்ட தகவல் இருந்தால், கேட்டது என்று குறித்தே சேர்க்கலாம். "வருஷம் பூரா வருமா" என்று கேட்டால் எல்லோரும் வரும் என்றே சொல்வார்கள். "எந்த மாசம் குடம் நிறைய நேரமாகுது" என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். நீங்கள் அப்படிக் கேட்டிருந்தால் அதுவும் ஒரு களத்திறன்தான்.

இப்போது வரைபடம். இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையடக்க ஜிபிஎஸ் திறந்த வெளியில் இடத்தை மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் காட்டும். சோலைக்குள்ளும் செங்குத்தான பள்ளத்திலும் அதைவிட மோசமாகும். உயரத்தில் வரும் பிழை, இடத்தில் வரும் பிழையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு சரிவில் வரிசையாக இருந்த ஊற்றுகளுக்கு ஜிபிஎஸ்ஸில் ஒரே ஒரு முறை உயரம் எடுத்து, எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். அந்த மட்டத்தை நம்பி நீர் திரட்டும் வாய்க்கால் ஒன்று தோண்டினார்கள். ஒரு முனையில் ஈரம்கூட இல்லை. பிறகு முறையாக அளந்தபோது, கெட்டிப் பாறையின் மேற்பரப்பு முந்நூறு மீட்டர் தூரத்தில் பதினான்கு மீட்டர் கீழிறங்கியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு வாரம் மண்வெட்டி பிடித்த உழைப்பு என் ஒற்றை அளவால் வீணானது. அன்றிலிருந்து ஒரு விண்ணப்பத்தில் "ஊற்றுகள் 1,840 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன" என்று இருந்தால், எதனால் அளந்தது என்ற சொல்லைத்தான் என் கண் முதலில் தேடும்.

நீங்கள் காற்றழுத்த உயரமானியைப் பயன்படுத்தியிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நம் மலை உயரத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரமானி பத்து மீட்டருக்கு மேல் மாறிக் காட்டும். வானிலை தெளிவாக இருக்கும் நாளிலும் காலை பத்து மணிக்கு ஏறியிருக்கும் அழுத்தம் மாலை நான்கு மணிக்குள் சில ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். ஆகவே டோப்போ ஷீட்டில் உயரம் எழுதியிருக்கும் ஓர் இடத்தில் தொடங்கி, ஊற்றுகளை அளந்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பி, வித்தியாசத்தைப் பங்கிட்டுத் திருத்த வேண்டும். நீங்கள் அப்படிச் செய்திருந்தால் "தெரிந்த உயரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துத் திருத்திய அளவு" என்ற ஒரு தொடர் கடிதத்தில் வரட்டும். உங்கள் களப்பழக்கத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை. செயற்கைக்கோள் உயர மாதிரியிலிருந்து உயரத்தை எடுத்திருந்தால், முப்பது மீட்டர்க் கட்டம் என்பதையும், மரமடர்ந்த இடத்தில் அது தரைக்குப் பதில் மரத்தின் உயரத்தையும் சேர்த்துக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவுகோலும் இதைப் போன்றதே. உங்கள் வரைபடத்தின் அடித்தளம் பெரும்பாலும் கோத்தகிரி அடங்கிய 58 A/15 என்ற டோப்போ ஷீட்டாக இருக்கும். அது 1:50,000 அளவு. உயரக்கோடுகளின் இடைவெளி இருபது மீட்டர். அந்தத் தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டர். அதை ஐந்து மடங்கு பெரிதாக்கி 1:10,000 என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் கோடு தடிக்குமே தவிரத் தகவல் கூடாது. ஊற்றுகளை நீங்களே ஜிபிஎஸ்ஸில் எடுத்திருப்பதால் அந்தப் புள்ளிகள் 1:10,000 அளவுக்குத் தாங்கும். கீழேயுள்ள உயரக்கோடுகள் தாங்காது. இந்த வித்தியாசத்தை வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரியாகவும், கடிதத்தில் அரை வரியாகவும் எழுதுங்கள். ஆயத்தொலை முறையையும் சரிபார்த்துவிடுங்கள்: நீலகிரி, பழனிமலை இரண்டும் யுடிஎம் 43 வடக்கு மண்டலத்தில், `EPSG:32643`-இல் வருகின்றன. சென்னைப் பக்கம் பயிற்சி எடுத்தவர்கள் பழக்கத்தில் 44-ஐப் போட்டுவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி கோடுகளின் வகை. தேயிலைத் தோட்டத்தில் பாறை எங்கே வெளியே தெரிகிறது? சாலை வெட்டில், ஓடைப் படுகையில், வீடு கட்டச் சரிவைச் செதுக்கிய இடத்தில். மற்ற இடமெல்லாம் புதரும் மண்ணும்தான். ஆகவே சிதைந்த படலத்துக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே நீங்கள் வரைந்த எல்லைக்கோட்டில், கண்ணால் கண்ட பகுதி முழுக்கோடாகவும், இரண்டு இடங்களுக்கு நடுவே ஊகித்த பகுதி விட்டுவிட்ட கோடாகவும் இருக்க வேண்டும். ஓர் எல்லை வரைபடம் முழுவதும் முறியாத கோடாக ஓடினால், வரைந்தவர் அறையில் உட்கார்ந்து வரைந்தார் என்றே நான் முடிவு செய்வேன். பாறை பார்த்த இடங்களைச் சிறு புள்ளிகளாக வரைபடத்திலேயே காட்டிவிட்டால், எத்தனை இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதை எவரும் எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்து ஒரு மாதிரிக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணும் உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் காட்ட முடிந்ததாக இருக்க வேண்டும்.

அனுப்புநர்
(பெயர், முகவரி, தொலைபேசி)

பெறுநர்
(பதவி, நிறுவனத்தின் பெயர், கோயம்புத்தூர்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: நீலகிரி ஊற்று ஆய்வுக்கான கள நிலவியலாளர் பணி – விண்ணப்பம்.

வணக்கம். தங்கள் நிறுவனம் நீலகிரியில் மேற்கொள்ளும் ஊற்று ஆய்வுக்குக் கள நிலவியலாளர் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு விண்ணப்பிக்கிறேன். நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுள்ளேன். இறுதியாண்டு ஆய்வுக்காக, கோத்தகிரிக்குக் கீழேயுள்ள சுமார் 3 சதுர கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 31 நாட்கள் நடந்து வரைபடமாக்கி, அங்குள்ள ஒன்பது ஊற்றுகளின் நீர்வரத்தை நவம்பரிலும் மார்ச்சிலும் அளந்தேன்.

பகுதி முழுவதும் சார்னோகைட் பாறை. தேயிலைத் தோட்டமாதலால் பாறை வெளித்தெரியும் இடங்கள் குறைவு. சாலை வெட்டுகளிலும் ஓடைப் படுகைகளிலும் 46 இடங்களில் பாறையைப் பார்த்துப் பதிவு செய்தேன். ஒன்பதில் ஆறு ஊற்றுகள் சிதைந்த பாறைப் படலத்தின் அடிமட்டத்தில், 25 மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் அமைந்துள்ளன. எஞ்சிய மூன்றும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் விரிசல் வரிசை ஒன்றின் மேல் உள்ளன. முதல் வகையில் மிகப் பெரிய ஊற்று நவம்பரில் நிமிடத்துக்கு 14.3 லிட்டரும் மார்ச்சில் 4.3 லிட்டரும் தந்தது. விரிசல் ஊற்றுகளில் பெரியது 9 லிட்டரிலிருந்து 7 லிட்டராக மட்டுமே குறைந்தது. இவை ஒரே ஆண்டின் இரண்டு அளவுகள் என்பதால், வகைப்பாட்டை முதற்கட்ட முடிவாகவே கருதுகிறேன்.

ஊற்றுகளின் இடத்தைக் கையடக்க ஜிபிஎஸ்ஸாலும், உயரத்தைத் தெரிந்த உயரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துத் திருத்திய உயரமானியாலும் எடுத்தேன். உயரத்தில் ஐந்து மீட்டர் வரை பிழை இருக்கலாம். வரைபடத்தை QGIS-இல் 1:10,000 அளவில் தயாரித்தேன். உயரக்கோடுகள் மட்டும் 1:50,000 டோப்போ ஷீட்டிலிருந்து எடுத்தவை. நேரில் கண்ட எல்லைகளும் ஊகித்த எல்லைகளும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. வரைபடத்தை இணைத்துள்ளேன்.

மின்தடை அளவீட்டுக் கருவியைக் கல்லூரிக் களப்பயிற்சியில் இரண்டு முறை இயக்கியுள்ளேன். அதன் முடிவுகளைத் தனியாக விளக்கும் பயிற்சி இன்னும் எனக்கு இல்லை. தமிழும் படுகமும் பேசுவேன். இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் உண்டு. களக்குறிப்பேட்டை நேர்காணலுக்குக் கொண்டுவருகிறேன். தாங்கள் விரும்பினால் எந்த ஊற்றுக்கும் நேரில் அழைத்துச் சென்று காட்டவும் இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(பெயர், கையொப்பம்)

இடம்:
நாள்:

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, ஊற்று வரைபடம் (ஒரு பக்கம்)

இதில் சில இடங்களைப் பற்றி மட்டும் விளக்கம் தேவை. 25 மீட்டர் உயர வேறுபாடு, ஐந்து மீட்டர் பிழை என்ற இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிழை 25 மீட்டரை நெருங்கியிருந்தால், ஆறு ஊற்றுகளும் ஒரே பட்டையில் இருக்கின்றன என்று சொல்லவே உங்களுக்கு உரிமை இருந்திருக்காது. உங்கள் உயரங்கள் ஜிபிஎஸ்ஸில் மட்டும் எடுத்தவை என்றால், அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, ஊற்றுக்கு மேலே சிதைந்த மண்ணும் ஊற்றின் வாயில் கெட்டிப் பாறையும் தெரிந்தன என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். அந்தச் சான்று உயரத்தைவிட எளியது, சில சமயம் அதைவிட உறுதியானதும்கூட.

மின்தடை அளவீட்டைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். இந்த நிறுவனங்களுக்கு அந்தக் கருவி அன்றாடத் தேவை. "தெரியும்" என்று மட்டும் எழுதினால் நேர்காணலில் ஒரு வளைகோட்டைக் கையில் கொடுத்து எத்தனை அடுக்கு என்று கேட்பார்கள். எவ்வளவு தெரியும் என்பதன் எல்லையை நீங்களே வரைந்துவிட்டால், அதற்கு மேல் இருக்கும் வாக்கியங்களுக்கு நம்பிக்கை கூடுகிறது. படுக மொழியைச் சேர்த்ததும் அழகுக்காக அல்ல. ஊற்று இருப்பது பெரும்பாலும் ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், நிலத்திலோ எஸ்டேட்டின் எல்லைக்குள்ளோதான்; கோவிலை ஒட்டிய ஊற்றில் கேட்காமல் அளவுக் கருவியை நனைத்துவிட்டால், அந்த ஊரில் அதற்குப் பிறகு ஆய்வே நடக்காது. படுகம் பேச மாட்டீர்கள் என்றால், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று அளந்த அனுபவத்தை அந்த இடத்தில் எழுதலாம்.

சொல் ஒன்றைப் பற்றியும் எச்சரிக்கிறேன். நம் பள்ளிப் பாடநூலில் புவியியல் என்றால் ஜியாகரஃபி. அரசின் சுரங்கத் துறைப் பெயரிலோ அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. கடிதத்தில் "புவியியல் பட்டதாரி" என்று எழுதினால், படிப்பவர் எதைப் படித்தீர்கள் என்று ஒரு நொடி குழம்புவார். நிலவியல் என்றோ புவியமைப்பியல் என்றோ எழுதி, தன்விவரக் குறிப்பில் பட்டத்தின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பள்ளத்தாக்கில் மண்சரிவின் பழைய தடம் எதையாவது வரைபடத்தில் குறித்திருந்தால், அதற்கும் ஒரு வாக்கியம் ஒதுக்கலாம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கமெல்லாம் சரிவுகள் பெயர்ந்ததை நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ பார்த்திருப்பீர்கள். ஊற்று கசியும் அதே மட்டம், அதாவது சிதைந்த படலம் கெட்டிப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் மட்டம், பெருமழையில் நீர் தேங்கி மண் வழுக்கும் இடமாகவும் ஆகக்கூடும். மலையில் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்கத் தெரிந்தவர் தேவைப்படுவார். குறிக்கவில்லை என்றால் இப்போது புதிதாகச் சேர்க்காதீர்கள். போய்ப் பார்த்த நாள் குறிப்பேட்டில் இல்லாத எதுவும் வரைபடத்தில் இருக்கக் கூடாது.

வரைபடத்தை ஏ4 தாளில், ஒரே பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் படிக்கும்படி செய்யுங்கள். ஊற்றுகளின் இரு வகையை நிறத்தால் மட்டும் பிரித்திருந்தால் அச்சில் அது மறைந்துவிடும். ஒன்றை வட்டமாகவும் மற்றதை முக்கோணமாகவும் போடுங்கள். வடக்குக் குறி, அளவுகோல் பட்டை, ஆயத்தொலை முறை, களநாட்கள், உங்கள் பெயர் ஆகியவை ஓரத்தில் இருக்கட்டும். அளவுகோலை எண்ணாக மட்டும் போடாமல் பட்டையாகவும் போடச் சொல்வதற்குக் காரணம், பிடிஎஃப் கோப்பைத் தொலைபேசியில் பெரிதாக்கினால் 1:10,000 என்ற எண் பொய்யாகிவிடும், பட்டையோ கூடவே பெரிதாகும்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், அந்த வரைபடத்தை மேசையில் விரித்து, "இதில் உங்களுக்கு மிகக் குறைந்த நம்பிக்கை உள்ள கோடு எது?" என்று கேட்பார்கள். நான் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் கேட்கிறேன். என் அனுமானத்தில், உங்கள் பதில் அந்த விரிசல் வரிசையாக இருக்கும். மூன்று ஊற்றுகளை இணைத்தால் எந்தச் சரிவிலும் ஒரு கோடு கிடைத்துவிடும் என்பதால். அந்த மூன்று இடத்திலும் பாறையில் விரிசலின் திசையைக் காம்பஸ் வைத்து அளந்தீர்களா, அளந்த திசை வரைந்த கோட்டோடு ஒத்துப்போகிறதா என்பதை இன்றே குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள். அளக்காமல் விட்டிருந்தால் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காட்டெருமை மேய இறங்கும் அந்திக்கு முன் திரும்பும்படி போய் அளந்து வந்து, அதற்குப் பிறகு கடிதத்தை அனுப்புங்கள்.